கேட்டில் மாட்டிய பழைய கேமரா வீடு முழுக்க வைஃபையை இழுத்துப் பிடிப்பது ஏன்?

கேள்வி: ஏற்காட்டில் நாலு அறை ஹோம்ஸ்டே நடத்துகிறேன். 100 எம்பிபிஎஸ் ஃபைபர் லைன், ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்ட் மட்டும்தான், 5 கிடையாது. கீழே கேட்டில் ஒரு பழைய வைஃபை கேமராவை மாட்டியதிலிருந்து ரவுட்டர் பக்கத்தில் நின்றாலும் ஃபோனில் 10 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டுவதில்லை. முன்பு 40க்கு மேல் வரும். லேப்டாப்பில் கேபிள் சொருகினால் இப்போதும் 94 வருகிறது. கேமரா எடுப்பதே 0.6 எம்பிபிஎஸ்தான் என்று அதன் ஆப் காட்டுகிறது. பழைய கருவி ஒன்று சேர்ந்தால் மொத்த நெட்டும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும் என்கிறார் கடைக்காரர். உண்மையா? புது ரவுட்டர் வாங்க வேண்டுமா?

பதில்:

கடைக்காரர் கை காட்டிய கருவி அநேகமாகச் சரி. சொன்ன காரணம்தான் சரியில்லை. காரணம் தவறாகப் புரிந்தால் தவறான பொருளுக்குப் பணம் போகும் என்பதால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பழைய கருவி ஒன்று வந்து சேர்ந்தால் ரவுட்டர் எல்லோரிடமும் அதே மெதுவான வேகத்தில் பேச ஆரம்பித்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி நடப்பதில்லை. ரவுட்டர் ஒவ்வொரு கருவியோடும் அதற்கென்று ஒரு வேகம் வைத்துக்கொண்டு பேசுகிறது. கேமராவிடமிருந்து 1 எம்பிபிஎஸ்ஸில் ஒரு பாக்கெட் வாங்கிய கையோடு, பக்கத்து அறை ஃபோனுக்கு 72 எம்பிபிஎஸ்ஸில் அனுப்பும். அதில் எந்தத் தடையும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே சேனலில் நடக்கின்றன, ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். கேமரா பேசி முடிக்கும்வரை மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வது நேரத்தை, அதாவது ஏர்டைமை. கேமரா எத்தனை எம்பிபிஎஸ் எடுக்கிறது என்பதைவிட, ஒரு நொடியில் எத்தனை மில்லிசெகண்டை எடுக்கிறது என்பதுதான் கேள்வி.

சேலத்தில் கடைகள், குடோன்கள், மலைமேல் விடுதிகள் என்று நெட்வொர்க் போட்டுக் கொடுப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. நீங்கள் சொல்லும் இதே நிலையை அடிக்கடி பார்க்கிறேன். கேபிளில் முழு வேகம், வைஃபையில் கால் பங்குகூட இல்லை, எங்கோ ஒரு மூலையில் பழைய கருவி ஒன்று. பெரும்பாலும் எல்லோரும் முதலில் சண்டை போடுவது லைன் கொடுத்தவரிடம்தான். நீங்கள் கேபிள் சொருகிப் பார்த்தது நல்ல வேலை. 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் 94 வந்தால் அது முழு வேகம். லைன் மேல் குற்றமில்லை என்பது அதிலேயே உறுதியாகிவிட்டது.

வைஃபையில் முறை எப்படி வருகிறது என்று பார்ப்போம். தெருக்குழாயில் ஆளுக்கு ஒரு குடம் என்று முறை வைத்தால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் ஒருவர் அதே அளவு தண்ணீர் பிடிக்கும் குறுகிய வாய்க் கேனைக் கொண்டுவந்து, நிரப்ப மற்றவர்களைப் போல முப்பது மடங்கு நேரம் எடுத்துக்கொண்டால், வரிசை முழுவதும் அவருக்காக நிற்கும். வைஃபை முறை வைப்பதும் இப்படித்தான். அனுப்ப ஏதாவது வைத்திருக்கும் ஒவ்வொரு கருவியும் சேனல் காலியாகும்வரை கேட்டுக்கொண்டிருக்கும். காலியானதும் சிறிது நேரம் தற்செயலாகக் காத்திருந்துவிட்டு அனுப்பும். நீண்ட ஓட்டத்தில் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் முறை கிடைக்கும். அந்த முறையில் எவ்வளவு நேரம் பேசலாம் என்பதில் மெதுவானவருக்கும் வேகமானவருக்கும் பாகுபாடு கிடையாது. 2003ல் பிரான்சின் கிரனோபிள் நகர ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டு, அளந்தும் காட்டினார்கள். அன்றைய 11 எம்பிபிஎஸ் வைஃபையில் ஒரே ஒரு கருவி 1 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கினால், 11ல் இருப்பவர்கள் பெறும் வேகமும் அந்த ஒருவர் பெறும் அளவுக்கு வந்துவிடுகிறது என்பதுதான் அவர்கள் கண்டது. கடைக்காரர் சொல்வது அந்தக் காலத்து அனுபவமாக இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லோரும் மெதுவானவரின் வேகத்துக்கு இறங்கியது போலவே தெரியும்.

இப்போது உங்கள் கேமராவுக்கு வருவோம். அது ஜி எனப்படும் பழைய வைஃபை தரத்துக் கருவி என்று எடுத்துக்கொள்கிறேன். கேட் தூரத்தில் இருப்பதால் 1 எம்பிபிஎஸ்ஸில் பேசுகிறது என்றும் வைத்துக்கொள்கிறேன். இந்த இரண்டும் ஊகம்தான், எப்படிச் சரிபார்ப்பது என்று பின்னால் சொல்கிறேன். 1500 பைட் பாக்கெட் என்பது 12,000 பிட். அதை 1 எம்பிபிஎஸ்ஸில் அனுப்ப 12 மில்லிசெகண்ட். முன்னால் வரும் தலைப்பகுதி, காத்திருக்கும் நேரம், வந்து சேர்ந்தது என்று ரவுட்டர் திருப்பி அனுப்பும் ஒப்புகை எல்லாம் சேர்த்தால் ஒரு பாக்கெட்டுக்குச் சுமார் 13 மில்லிசெகண்ட் ஆகிறது. 0.6 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 50 பாக்கெட். 50ஐ 13ஆல் பெருக்கினால் 650. அதாவது ஆப்பில் 0.6 என்று சாதுவாகக் காட்டும் கேமரா, ஒவ்வொரு நொடியிலும் 650 மில்லிசெகண்டைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. மீதி 350 மில்லிசெகண்டில்தான் நாலு அறை விருந்தினர்களும், உங்கள் டிவியும், ரவுட்டர் அனுப்பும் அறிவிப்புகளும் ஓட வேண்டும்.

சேனல் முழுக்கக் காலியாக இருந்தால் இன்றைய ஃபோன் 2.4ல் 72 எம்பிபிஎஸ் இணைப்பு வேகத்தில் நிஜமாக 45 வரை எடுக்கும். நீங்கள் முன்பு பார்த்த 40க்கு மேல் என்பது அதுதான். 350 மில்லிசெகண்ட் மட்டும் கிடைத்தால் அது 15, 16 ஆகிவிடும். சிக்னல் மோசமான இடத்தில் கேமராவின் பாக்கெட்டுகள் முதல் தடவையிலேயே போய்ச் சேராது. நாலில் ஒன்றைத் திரும்ப அனுப்ப வேண்டியிருந்தால்கூட 650 என்பது 800ஐத் தாண்டும். மற்றவர்களுக்கு மிஞ்சுவது 200க்கும் குறைவு, அதில் வருவது 8, 9 எம்பிபிஎஸ். நீங்கள் பார்க்கும் 10க்குப் பக்கத்தில் வருகிறது. இது தோராயக் கணக்குதான். இன்றைய ஃபோன்கள் ஒரு முறை கிடைத்தால் பல பாக்கெட்டுகளை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்புகின்றன, அதனால் அவை தங்கள் பங்கைக் கொஞ்சம் காப்பாற்றிக்கொள்ளும். 2003ல் போல எல்லோரும் 1 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழே போகாமல் இருப்பது இந்த மூட்டை கட்டும் பழக்கத்தால்தான். ஆனால் ஸ்பீடு டெஸ்டில் தெரியாத இன்னொரு கஷ்டம் உண்டு. வீடியோ காலின் சின்னப் பாக்கெட் ஒவ்வொன்றும் கேமராவின் 13 மில்லிசெகண்ட் பேச்சு முடியும்வரை வாசலில் நிற்க வேண்டும், சில சமயம் அடுத்தடுத்து இரண்டு மூன்று தடவை. வேலையோடு வந்து தங்கும் விருந்தினர் 10 எம்பிபிஎஸ் இருந்தும் கால் திக்குகிறது என்று சொன்னால் நம்புங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குற்றம் கேமராவின் வயதில் மட்டும் இல்லை. அதே ஜி கேமராவை ரவுட்டர் இருக்கும் அறையிலேயே வைத்தால் 54 எம்பிபிஎஸ்ஸில் பேசும். ஒரு பாக்கெட்டுக்கு 0.4 மில்லிசெகண்ட் போதும், 50 பாக்கெட்டுக்கு 20 மில்லிசெகண்ட்தான் ஆகும். வீட்டில் யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. மாறாக, போன மாதம் வாங்கிய விலை உயர்ந்த ஃபோனைத் தோட்டத்தின் கடைசிக்குக் கொண்டுபோய் ஒரு கோடு சிக்னலில் வீடியோ பேசினால் அதுவும் ஏர்டைமை விழுங்கும். பழைய கருவிகள் கூடுதலாகத் தொல்லை தருவதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, அவற்றுக்கு மூட்டை கட்டத் தெரியாது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனியாக வரிசையில் நின்று தனியாக ஒப்புகை வாங்க வேண்டும். இரண்டாவது காரணம் அதைவிட மோசம். வேகத்தைத் தேர்ந்தெடுப்பதில் பல பழைய சில்லுகள் முரட்டுத்தனமானவை. பாக்கெட் போய்ச் சேரவில்லை என்றால் சிக்னல் குறைவு என்று முடிவு கட்டி ஒரு படி கீழே இறங்கும். உண்மையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி மோதியதால் அது தொலைந்திருக்கலாம். வேகம் குறைந்தால் பேசும் நேரம் நீளும், மற்றவர்கள் வரிசையில் சேர்வார்கள், மோதல் கூடும், கேமரா இன்னும் ஒரு படி இறங்கும். இப்படி 6லோ 11லோ தாக்குப்பிடிக்கக்கூடிய கருவி 1ல் போய் உட்கார்ந்துகொள்ளும். அறைகள் நிரம்பிய வார இறுதியில் நெட் திடீரென்று சரிவது போலத் தோன்றினால் இந்தச் சுழலும் ஒரு காரணம். இந்த 1 எம்பிபிஎஸ் என்பது 1997ல் வந்த முதல் வைஃபை தரத்திலேயே இருந்த வேகம். பழைய கருவிகளைக் கைவிடக்கூடாது என்பதற்காக 2.4ல் இன்றும் பெரும்பாலான ரவுட்டர்கள் அதைத் திறந்தே வைத்திருக்கின்றன.

ஏற்காட்டில் பலரும் மூடுபனி இறங்கினால் வைஃபை படுத்துவிடும் என்பார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸுக்குப் பனிமூட்டம் ஒரு பொருட்டே இல்லை. நடுவில் நிற்கும் மரங்கள்தான் சிக்னலைத் தின்கின்றன. வீட்டுக்கும் கேட்டுக்கும் இடையில் சில்வர் ஓக்கும் காப்பிச் செடியும் அடர்ந்திருந்தால், இலைகள் நனைந்த நாளில் சிக்னல் இன்னும் இறங்கும். காலையில் மோசம், வெயில் வந்ததும் பரவாயில்லை என்ற போக்கு இருந்தால் அங்கே பாருங்கள். பழைய பங்களாக்களின் தடித்த கல்சுவரும் அப்படித்தான்.

சரி, குற்றவாளி கேமராதானா என்று எப்படி உறுதி செய்வது? முதல் சோதனைக்குச் செலவே இல்லை. விருந்தினர்கள் வெளியே போயிருக்கும் நேரத்தில், வைஃபையில் இணைந்த லேப்டாப்பை ரவுட்டர் இருக்கும் அறையில் வைத்து ரவுட்டருக்கே பிங் ஓட விடுங்கள், பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று அது காட்டும். உங்கள் ரவுட்டரின் முகவரி வேறாக இருந்தால் அதைப் போடுங்கள்.

```
ping 192.168.1.1
```

விண்டோஸில் நாலு வரியோடு நின்றுவிடும் என்பதால் கடைசியில் `-t` சேர்த்துக்கொள்ளுங்கள். கேமரா ஓடும்போது ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு கேட்டுக்கு ஆள் அனுப்பி கேமராவின் மின்சாரத்தைப் பிடுங்கச் சொல்லுங்கள். ஆப்பில் நிறுத்துவது போதாது, பல கேமராக்கள் யாரும் பார்க்காவிட்டாலும் அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். பிடுங்கியபின் எண்கள் 2, 3, 5 மில்லிசெகண்ட் என்று அடங்கி, முன்பு 20, 60, 150 என்று துள்ளிக்கொண்டிருந்தால் விஷயம் முடிந்தது. மறுபடி சொருகி, மறுபடி பிடுங்கி இரண்டு மூன்று தடவை ஒரே மாதிரி வருகிறதா என்று பாருங்கள், தற்செயலாக அந்த நிமிடத்தில் பக்கத்து விடுதியின் வைஃபை அமைதியாகியிருக்கலாம். ரவுட்டருக்கான பிங் எப்போதும் நன்றாக இருந்து, வெளியே இணையத்தில் இருக்கும் கூகுளின் 8.8.8.8க்கான பிங் மட்டும் துள்ளினால் பிரச்சினை வைஃபையில் இல்லை, வேறு இடத்தில் தேட வேண்டும். கேமராவைப் பிடுங்கியும் இரண்டும் துள்ளினால் வேறொரு கருவியோ அக்கம்பக்கத்து நெரிசலோ இருக்கிறது. அப்போது ஒவ்வொரு கருவியாக நிறுத்திப் பார்ப்பதைத் தவிரக் குறுக்கு வழி இல்லை.

இரண்டாவது, கேமரா உண்மையில் எந்த வேகத்தில் பேசுகிறது என்று பார்ப்பது. லைனோடு கொடுக்கப்படும் ரவுட்டர்களில் பாதிக்கு மேல் இதைக் காட்டுவதில்லை. சிலவற்றில் இணைந்த கருவிகளின் பட்டியலில் சிக்னலும் வேகமும் இருக்கும். ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் போட்ட ரவுட்டர் கிடைத்தால் நேராகக் கேட்டுவிடலாம்.

```
iw dev
iw dev wlan0 station dump
iw dev wlan0 survey dump
```

முதல் வரி வைஃபையின் பெயரைக் காட்டும். புதிய பதிப்புகளில் அது `phy0-ap0` என்பது போல இருக்கும், கீழே அதையே போடுங்கள். இரண்டாவது வரியின் பதிலில் கேமராவின் எம்ஏசி முகவரிக்குக் கீழே `signal`, `rx bitrate` இரண்டையும் பாருங்கள். `rx` என்பது ரவுட்டர் வாங்குவது, அதாவது கேமரா அனுப்பும் வேகம், நமக்கு வேண்டியது அதுதான். `signal` -80ஐவிடக் கீழே போய், `rx bitrate` 1.0 அல்லது 2.0 என்று நின்றால் என் கணக்கு உங்களுக்கு அப்படியே பொருந்தும். ஒரு எச்சரிக்கை: அது கடைசியாக வந்த ஒரு பாக்கெட்டின் வேகம் மட்டுமே. நான் இருக்கிறேன் என்று தெரிவிக்கும் வெற்றுப் பாக்கெட்டுகளைச் சில கருவிகள் வேண்டுமென்றே மெதுவாக அனுப்பும். ஆகவே ஆப்பில் நேரலைப் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது சில நொடி இடைவெளியில் பல தடவை எடுத்துப் பாருங்கள். மூன்றாவது வரியின் பதிலில் `[in use]` என்று குறித்திருக்கும் சேனலுக்குக் கீழே `channel active time`, `channel busy time` இருக்கும். பத்து நொடி இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து, இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்து, பிஸியாக இருந்த நேரத்தை மொத்த நேரத்தால் வகுங்கள். விருந்தினர் யாரும் இல்லாத வேளையிலும் கேமரா இருக்கும்போது பாதிக்கு மேல், பிடுங்கினால் சொற்பம் என்று வந்தால் அதைவிட நேரடியான சாட்சி இல்லை. எல்லாச் சில்லுகளும் இந்த எண்களைக் கொடுப்பதில்லை, வராவிட்டால் பிங்கே போதும்.

இனித் தீர்வு. இன்றைக்கே செய்யக்கூடியது, கேமராவின் அமைப்பில் போய் அனுப்பும் அளவைக் குறைப்பது. 0.6ஐ 0.2 ஆக்கினால் நொடிக்கு 50 பாக்கெட் 17 ஆகும், 650 மில்லிசெகண்ட் 220 ஆகும். கேட்டில் யார் வருகிறார்கள் என்று பார்க்க நொடிக்கு ஐந்தாறு படம் போதும். கேமராவில் மெமரி கார்டு போட வழியிருந்தால் முழுப் பதிவை அதில் வைத்துவிட்டு, அசைவு தெரியும்போது மட்டும் அனுப்பச் சொல்லலாம். இது நோயைக் குறைக்கும், போக்காது.

நிஜமான தீர்வு கேமராவையும் விருந்தினர்களையும் வேறுவேறு சேனலுக்குப் பிரிப்பது, அல்லது கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு வைஃபை ரேடியோவைக் கொண்டுபோவது. உங்கள் நிலையில் நான் செய்வது இதுதான்: 2.4, 5 இரண்டும் உள்ள ரவுட்டர் ஒன்று வாங்கி, விருந்தினர்களை 5க்கு மாற்றிவிட்டு, கேமராவை 2.4லேயே விட்டுவிடுவேன். 2.4ல் கேமரா எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் 5ல் இருப்பவர்களை அது தொடாது. ஆகவே புது ரவுட்டர் வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு ஆம் என்றே சொல்வேன், ஆனால் அதில் இரண்டாவது ரேடியோ இருப்பதற்காக. 2.4 மட்டும் உள்ள இன்னொரு ரவுட்டரை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் கேமரா இதே வேலையைத்தான் செய்யும். இரண்டு பேண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள், இல்லையென்றால் சில ஃபோன்கள் பழக்க தோஷத்தில் 2.4லேயே ஒட்டிக்கொள்ளும். 5 கல்சுவரைத் தாண்டுவதில் பலவீனம். கடைசி அறைக்கு எட்டவில்லையென்றால் அங்கே கேபிளில் ஒரு ஆக்சஸ் பாயிண்ட் போட வேண்டிவரும்.

இப்போதைய ரவுட்டரைத் தூக்கிப் போட வேண்டாம், அது வீட்டுக்குச் சொந்தமாக இருந்தால். அதை ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றி, கேட்டைப் பார்த்த வராந்தாவில் வைத்து, புதிய ரவுட்டருக்குக் கேபிள் இழுத்து, சேனலை மட்டும் வேறாக வைக்கலாம். புதியதின் 2.4 சேனல் 1ல் இருந்தால் இதை 6லோ 11லோ வையுங்கள், நடுவில் உள்ள எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். சிக்னல் கூடியதும் கேமரா 6, 12, 24 எம்பிபிஎஸ் என்று ஏறிவிடும். 6 எம்பிபிஎஸ் வந்தாலே ஒரு பாக்கெட்டுக்கு 2.2 மில்லிசெகண்ட்தான், நொடிக்கு 110. இந்த ஏற்றம் ஒன்றே 650ஐ 110 ஆக்கிவிடும். இதே காரணத்தால், வேகத்தைப் பாதியாக்கும் என்று எல்லோரும் திட்டும் ரிப்பீட்டர்கூட இங்கே லாபம்தான். ஒவ்வொரு பாக்கெட்டையும் இரண்டு தடவை அனுப்பினாலும், அந்த இரண்டு தடவையும் வேகமாக அனுப்பினால் மொத்த நேரம் குறைவு. கேபிள் இழுக்கவே முடியாத இடத்துக்கு அதைப் பரிசீலிக்கலாம்.

பழைய வேகங்களையே மூடிவிடுவது இன்னொரு வழி. ஓபன்டபிள்யூஆர்டியில் `/etc/config/wireless` கோப்பில் அந்த ரேடியோவுக்குக் கீழே இந்த ஒரு வரி.

```
option legacy_rates '0'
```

இது 1, 2, 5.5, 11 ஆகிய, ஜியைவிடப் பழைய பி தரத்து வேகங்களை நீக்கிவிடும். கேமரா 6க்குக் கீழே இறங்க முடியாது. மோதலால் வீணாக 1ல் உட்கார்ந்திருந்த கருவியாக இருந்தால் அற்புதமாக வேலை செய்யும். சிக்னல் உண்மையிலேயே 6க்குப் போதாது என்றால் கேமரா இணைப்பையே விட்டுவிடும், ஆகவே கேட்டில் ஒரு ஆளை நிறுத்திவைத்துக்கொண்டு மாற்றுங்கள். பி தரம் மட்டுமே தெரிந்த கருவிகளுக்கு இது கதவடைப்பு. சேலத்தில் ஒரு ஜவுளிக் குடோனில் பார்கோடு ஸ்கேனர்கள் எல்லாம் அந்த வகை. மாற்றினால் லட்சக்கணக்கில் செலவு. மெதுவான வேகத்தை மூட முடியாது. பி கருவி ஒன்று இணைந்திருந்தால் மற்றவர்களும் அதற்குப் புரியும் பழைய வேகத்தில் ஒரு முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்பது கூடுதல் சுமை. அங்கே ஸ்கேனர்களுக்கென்று தனி ஆக்சஸ் பாயிண்டும் தனிச் சேனலும் வைத்துப் பில் போடும் கணினிகளைப் பிரித்ததும் தொல்லை தீர்ந்தது.

உங்களிடம் யாராவது சொல்லக்கூடிய, ஆனால் உதவாத யோசனைகளையும் சொல்லிவிடுகிறேன். அதே ரவுட்டரில் கேமராவுக்கு கெஸ்ட் வைஃபை என்று தனிப் பெயர் வைப்பது பாதுகாப்புக்கு நல்லது, வேகத்துக்குப் பிரயோஜனமில்லை. பெயர் இரண்டானாலும் ரேடியோவும் சேனலும் ஒன்றுதான். ரவுட்டரில் கேமராவுக்கு வேக வரம்பு போடுவதும் பெரும்பாலும் வீண், பாக்கெட் ரவுட்டரை வந்தடைந்து வெட்டப்படும்போது அதற்குரிய 13 மில்லிசெகண்ட் ஏற்கனவே செலவாகியிருக்கும். வெட்டுப்படுவதைப் பார்த்துத் தானே குறைத்துக்கொள்ளும் கேமராவாக இருந்தால் மட்டும் கொஞ்சம் பலன் உண்டு. பெட்டியில் ஏர்டைம் ஃபேர்னஸ் என்று அச்சிட்ட ரவுட்டர்கள் கிடைக்கின்றன. முறையின் எண்ணிக்கையைப் பார்க்காமல் நேரத்தைச் சமமாகப் பங்கிடும் நல்ல ஏற்பாடு அது, லினக்ஸிலும் இருக்கிறது. மெதுவான ஃபோனில் ஒருவர் படம் பார்ப்பதால் மற்றவர்கள் தவிக்கும் இடத்தில் நன்றாக உதவும். ஆனால் ரவுட்டர் எப்போது யாருக்கு அனுப்புவது என்பதை மட்டும்தான் அது நேரடியாகக் கட்டுப்படுத்த முடியும். உங்கள் கேமரா வாங்குவது சொற்பம், அனுப்புவதுதான் அதிகம். அது எப்போது பேச ஆரம்பிக்க வேண்டும் என்பதைக் கேமராவேதான் முடிவு செய்கிறது. அந்த அச்சுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

கேமராவில் லேன் சொருகும் இடம் இருந்தால் எல்லாவற்றையும்விட அதுவே மேல், ஏர்டைம் செலவு பூஜ்யம். சாதாரண கேட்6 கேபிள் 100 மீட்டர் வரை போகும். ஆனால் மலையில் திறந்த வெளியில் செப்புக் கம்பி இழுப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. பக்கத்தில் எங்கோ இடி விழுந்தாலும் அந்தக் கம்பி வழியாக வந்து கேமராவையும் ரவுட்டரையும் சேர்த்து எரிக்கும். வீட்டுக்கு வெளியே போகும் பகுதிக்கு ஃபைபர் இழுத்து, இரு முனையிலும் ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் வையுங்கள். கேட்டில் ஏற்கனவே மின்சாரம் இருப்பதால் அங்கே அதற்குத் தனி ஏற்பாடு தேவைப்படாது. மின்சார வயரும் அதே இடியை வாங்கும் என்பதால் அந்த முனையில் ஒரு சர்ஜ் புரொடெக்டரும் போட்டுவிடுங்கள்.

முதலில் பிங் சோதனையைச் செய்துவிட்டு, கேமரா இருந்தபோதும் பிடுங்கியபோதும் வந்த எண்களை இங்கே போடுங்கள். ரவுட்டர் கருவிப் பட்டியலில் சிக்னல் காட்டினால் அதையும், கேட்டுக்கு உத்தேசமாக எத்தனை அடி, நடுவில் என்ன இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். வராந்தாவில் பழைய ரவுட்டர் போதுமா, கேட் வரைக்கும் ஃபைபர் போக வேண்டுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.